தம்பியின் பணம், அக்காவின் பான் எண்

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூலை வந்தால் பீரோவையும் மஞ்சப்பையையும் கவிழ்த்துக் காகிதம் தேடுவதே வேலை. எதை எதோடு சேர்த்து வைப்பது என்று ஒரு பட்டியல் சொல்லுங்கள். 2025-26இல் சம்பளம் ரூ.12,66,000, சேமிப்புக் கணக்கு வட்டி ரூ.4,000. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அனுப்பிய ரூ.8 லட்சத்தை 2025 ஏப்ரலில் என் பெயரில் வைப்புநிதியாகப் போட்டேன். வட்டி இன்னும் கைக்கு வரவில்லை. அப்பாவின் நெல் பணமும் என் கணக்குக்குத்தான் வருகிறது. வரிக்காகக் கொழுந்தனாரிடம் ரூ.36,000க்குப் பாலிசி எடுத்து, பிரீமியத்துக்கு நகையை அடகு வைத்தேன். வரியே வராது என்றிருந்தேன், இப்போது ரூ.47,000க்கு மேல் கட்டச் சொல்கிறது. எங்கே தவறு?

பதில்: வருமானம், கழிவு, சான்று என்று மூன்று பத்தி போட்டு எழுதினால் பட்டியல் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு அவற்றுக்கு முன்னால் இன்னொரு பத்தி வேண்டும்: ‘யார் பெயரில்’. தம்பி பணம், அப்பா பணம், கொழுந்தனார் பாலிசி என்று எல்லாவற்றையும் உங்கள் பான் எண்ணுக்குள் விடும் பழக்கம்தான் இந்த ரூ.47,000ஐக் கொண்டுவந்திருக்கிறது.

முதல் உறை வருமானத்துக்கு. அதில் முதலில் பள்ளி தரும் படிவம் 16 இருக்கட்டும். அடுத்து, கணக்கு இருக்கும் ஒவ்வொரு வங்கியிலிருந்தும் வட்டிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பாஸ்புக் போதாது. முதிர்ச்சியில் மொத்தமாகத் தரும் வைப்புநிதியின் பாஸ்புக்கில் வட்டி வரவே தெரியாது. ஆனால் வங்கி ஆண்டுதோறும் சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு, அது ரூ.50,000ஐத் தாண்டினால் அதில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்து, உங்கள் பான் எண்ணில் வரித்துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. வட்டி கைக்கு வரவில்லை என்று நீங்கள் எழுதும் அதே நேரத்தில், வருமான வரி இணையதளத்தில் இருக்கும் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் படிவம் 26ஏஎஸ்-இலும் அது ஏறியிருக்கும். இந்த இரண்டையும் தரவிறக்கி, அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உறையில் ஒரு காகிதம் இருக்கிறதா என்று பென்சிலால் குறியிட்டுக்கொண்டே வாருங்கள். குறி விழாத வரிதான் பின்னால் நோட்டீசாக வருவது.

இப்போது ரூ.47,000 எப்படி வந்தது என்று பார்ப்போம். சம்பளத்தில் நிலையான கழிவு ரூ.75,000 போக ரூ.11,91,000, சேமிப்பு வட்டியைச் சேர்த்தால் ரூ.11,95,000. புதிய வரி முறையில் ரூ.12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் இதுவரை வரி இல்லை, நீங்கள் நினைத்தது சரிதான். தம்பியின் ரூ.8 லட்சத்துக்கு 7 சதவீதம் அளவில் வட்டி ரூ.56,000. அது சேர்ந்தவுடன் வருமானம் ரூ.12,51,000 ஆகிறது, தள்ளுபடி முழுவதும் போய்விடுகிறது. வரி அட்டவணைப்படி ரூ.67,650 வர வேண்டும், ரூ.12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்ற சலுகை இருப்பதால் அது ரூ.51,000 ஆகக் குறைகிறது. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து ரூ.53,040. வங்கி பிடித்த ரூ.5,600 போக மீதி ரூ.47,440, முன்கூட்டி வரி கட்டாததற்கு வட்டி தனி. ரூ.56,000 வட்டி வாங்க ரூ.53,040 வரி என்றால், தம்பியின் பணத்துக்கு நீங்கள் சம்பளமில்லாத காவல்காரர்.

இதே பணத்தைத் தம்பி வெளிநாடு வாழ் இந்தியர் என்ற தகுதியில் தன் பெயரிலேயே, வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான என்.ஆர்.இ. கணக்கில் வைப்பாகப் போட்டிருந்தால், அதன் வட்டிக்கு இங்கே வரியே கிடையாது. உங்களுக்கு அனுப்பியதில் அவர் தவறு செய்யவில்லை. உடன்பிறந்தவர் தரும் பரிசுக்கும் வரி இல்லை. ஆனால் அந்தப் பரிசு ஈட்டும் வட்டி உங்களுடையது. ‘இது என் வருமானம் இல்லை’ என்று ஆண்டுத் தகவல் அறிக்கையில் மறுப்பு போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், செய்யாதீர்கள். வைப்பும் வரிப் பிடித்தமும் உங்கள் பான் எண்ணில் இருக்கும்போது அந்த மறுப்பு நிற்காது. இந்த ஆண்டுக்கு வரியைக் கட்டிவிடுங்கள். வைப்பை முடித்துத் தம்பிக்குத் திருப்பும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: உங்கள் கணக்கிலிருந்து, இந்தியாவுக்குள் வரும் பணத்துக்கான அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் போகும், என்.ஆர்.இ.க்குப் போகாது. என்.ஆர்.ஓ. வைப்பின் வட்டியில் வங்கி 30 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். அவருக்கு இங்கே வேறு வருமானம் இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். இனி அனுப்புவதை நேராக என்.ஆர்.இ.யில் போடச் சொல்லுங்கள். உங்கள் வைப்பை முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி வட்டியைக் குறைக்கும். அதைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அப்பாவின் நெல் பணத்துக்குத் தனி உறை போடுங்கள். பட்டா அவர் பெயரில் இருப்பதற்கான நகல், அந்தப் பருவத்தின் அடங்கல், குறுவைக்கும் சம்பாவுக்கும் வியாபாரி தந்த ரசீது ஆகிய மூன்றும், உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தில் அந்தத் தொகை வந்த தேதிக்கு எதிரே நிற்க வேண்டும். பெரும்பாலும் மூட்டைக் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டுதான் இருக்கும். அதில் அப்பாவின் பெயரும் தேதியும் இல்லையென்றால் வியாபாரியிடம் எழுதி வாங்குங்கள். அந்தப் பணம் உங்கள் விவசாய வருமானம் என்று ஆகிவிட்டால், ரூ.5,000க்கு மேல் போனதுமே எளிய ஐ.டி.ஆர்-1 படிவம் உங்களுக்குப் பொருந்தாது, ஐ.டி.ஆர்-2 போட வேண்டும், உங்கள் வரி விகிதத்தைக் கணக்கிடும்போதும் அது சேரும். அடுத்த அறுவடைக்குள் அப்பாவின் வங்கிக் கணக்கையே புதுப்பித்துக் கொடுங்கள், ஒரு நாள் வேலை.

கழிவு உறை உங்களுக்கு ஏறக்குறைய காலி. இதைச் சொன்னால் கொழுந்தனாருக்குக் கோபம் வரலாம். புதிய முறையில் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்குக் கழிவு இல்லை. பழைய முறைக்குப் போய், பிரீமியம் போன்ற சேமிப்புகளுக்கான உச்சவரம்பு ரூ.1,50,000 முழுவதும் கழித்து, மருத்துவக் காப்பீட்டுக்கு இன்னும் ரூ.25,000 கழித்தாலும், உங்கள் வருமானத்துக்கு வரி ஏறக்குறைய ரூ.1,47,000 வருகிறது. அதாவது ரூ.36,000 பிரீமியம் உங்களுக்கு ஒரு ரூபாய் வரியும் மிச்சப்படுத்தவில்லை. நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தால் ரூ.3,240 வட்டி மட்டும் போயிருக்கிறது, அதையும் கழிக்க முடியாது. மார்ச் மாதத்தில் ‘வரி மிச்சம்’ என்று விற்கப்படும் எந்தத் திட்டத்தையும், பங்குச்சந்தையோடு இணைத்த புதுமாதிரிக் காப்பீட்டையும் சேர்த்து, இந்தக் கணக்கைப் போடாமல் வாங்காதீர்கள். பாலிசியை உடனே விட்டுவிடச் சொல்லவில்லை. இப்போது நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள், கொழுந்தனாரின் வாய்வார்த்தையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முதலில் நகையை மீட்டுவிடுங்கள்.

சான்றுகள் எதையும் தாக்கலோடு இணைக்க வேண்டியதில்லை, கேட்டால் காட்டினால் போதும்; அதனால் உறைகள் பீரோவிலேயே இருக்கலாம். ஜூன் நடுவில் படிவம் 16 வந்ததும் பென்சில் குறியை முடித்துவிட்டு, ரூ.47,440ஐயும் இணையதளம் காட்டும் வட்டியையும் முதலில் கட்டி, அந்தச் சலான் எண்ணைத் தாக்கலில் எழுதிய பிறகுதான் சமர்ப்பிக்க வேண்டும்.