அப்பா தள்ளிப்போட்ட கண்ணாடி

அன்புள்ள ஐயா,

வரும் ஞாயிறு தந்தையர் நாள். அப்பாவைப் பற்றி ஒரு பதிவு எழுத உட்கார்ந்தேன். நான் பள்ளியில் படித்த காலம் முழுவதும் அவர் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்த வேலையிடத்துக்கு நடந்தே போய் வந்தார். எனக்கு மட்டும் பேருந்துக்குக் காசு தந்துவிடுவார். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லதுப்பா" என்பார். இதை எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. நீட்டினால் 'தெய்வம்', 'தியாகச் சுடர்' என்று எனக்கே ஒட்டாத சொற்கள் வந்து விழுகின்றன. இவ்வளவு சிறிய விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா? மிகையில்லாமல் எழுதுவது எப்படி? நீங்கள் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியபோது இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

எழுதலாம். இந்த நாள் உண்டான விதத்திலேயே உங்கள் ஐயத்துக்குப் பாதி விடை இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் வாழ்ந்த சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணி, 1909ஆம் ஆண்டு தேவாலயத்தில் அன்னையர் நாள் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தந்தையருக்கும் இப்படி ஒரு நாள் இருக்க வேண்டும் என்று எண்ணினார். அவருடைய முயற்சியால் 1910 ஜூன் 19 அன்று அந்நகரில் தந்தையர் நாள் கொண்டாடப்பட்டது. அவருடைய தந்தை உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த படைவீரர். ஆனால் மகள் அந்த நாளைக் கேட்டது போர்க்களத்தில் அவர் செய்த எதற்காகவும் அல்ல, மனைவி பேறுகாலத்தில் இறந்துபோன பிறகு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதற்காக. பிள்ளைகளை வளர்ப்பது என்பது நாள்தோறும் செய்யும் சிறிய வேலைகளின் தொடர்தான். அவற்றில் எதைத் தனியே எடுத்துப் பார்த்தாலும் இரண்டு வரிக்கு மேல் வராது.

உங்களுடைய சிக்கல் விஷயம் சிறியதாக இருப்பதல்ல என்று நினைக்கிறேன். நாம் அதை வெகு தொலைவில் நின்று பார்க்கிறோம். தொலைவில் இருப்பதால் அது இரண்டு வரியில் முடிகிறது, முடிந்த இடத்தில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைப் பெரிய சொற்கள் வந்து நிரப்பிவிடுகின்றன. அருகில் சென்று பார்த்தால் எழுதுவதற்கு வேண்டிய அளவு அங்கேயே கிடைக்கும். என் அப்பாவைப் பற்றி நான் எழுதியது எவ்வாறு அமைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

எனக்குச் சிறுவயதிலேயே கிட்டப்பார்வைக் குறை இருந்தது. வளரும் பருவத்தில் கண்விழியும் நீண்டுகொண்டே போவதால் பவர் நிலையாக நிற்பதில்லை. சென்ற ஆண்டு தெளிவாகக் காட்டிய கண்ணாடி இந்த ஆண்டு கரும்பலகையை மங்கலாகக் காட்டும். நான் கண்ணை இடுக்கிப் பார்க்கத் தொடங்கியதைக் கண்டதும் அப்பா அரைநாள் விடுப்பெடுத்து என்னைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார், அடுத்த சில நாட்களில் புதிய வில்லைகள் வந்துவிடும். இது தவறியதே இல்லை.

அதே ஆண்டுகளில் அப்பா நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தார். காலையில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே சென்று, கையை முழுவதும் நீட்டி, தலையையும் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு படிப்பார். மாலையில் கடிதமோ அச்சிட்ட தாளோ வந்தால் பிரித்து என்னிடம் கொடுத்து, "வாசி, கேப்போம்" என்பார். அவர் என்னுடைய வாசிப்பைச் சோதிக்கிறார் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆகவே லகரமும் ளகரமும் ழகரமும் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உரக்க வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏதாவது ஓர் இடத்தில், "அந்த வரிய இன்னொரு தடவ சொல்லு" என்பார்.

நாற்பது வயதையொட்டிக் கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து, அருகில் உள்ளதைக் குவித்துக் காட்டும் திறன் தளர்கிறது. இதற்கு யாரும் விலக்கில்லை. கையை நீட்டித் தாளைத் தள்ளிப் பிடித்தால் கொஞ்ச காலம் சமாளிக்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் எழுத்தின் மங்கலும் குறையும். அதனால்தான் காலையில் ஜன்னலருகே படிக்க முடிந்த செய்தித்தாளை மாலை விளக்கொளியில் அவரால் படிக்க முடியவில்லை. ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி இருந்திருந்தால் போதும். அதை அவர் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டார்.

இது எனக்குத் தெரியவந்தது எனக்கும் அதே வயது வந்தபோதுதான். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. வெள்ளெழுத்து வந்தாலும் போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் அருகில் உள்ள எழுத்து தெளிவாகத் தெரியும். ஒருநாள் மருந்துச் சீட்டில் இருந்த சிறிய எழுத்துகளைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். தூரப் பார்வையில் எந்தக் குறையும் இல்லாத அப்பாவுக்குக் கழற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பது அப்போது உறைத்தது. அவருக்கு இருந்தவை ஜன்னலும் நானும்தான்.

இந்த இடத்தில்தான் 'தன் கண்ணையே எனக்குத் தந்தவர்' என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் அது உண்மையாக இருக்காது. அவர் கண்ணைத் தரவில்லை, ஒரு கண்ணாடியைத் தள்ளிப்போட்டார். அவர் எவ்வளவு செய்தாரோ அவ்வளவை மட்டும் சொல்வதுதான் அவருக்கு நாம் தரும் மரியாதை, அதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அது நம்மைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

ஆனால் அது தியாகம்தானா, இல்லை நான் பின்னாளில் ஏற்றிச் சொல்வதா என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: பண நெருக்கடி தளர்ந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று பார்ப்பது. நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அப்பா தாமாகப் போய்க் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டார் என்று அம்மா சொன்னார். அவருக்கு அது வேண்டியிருந்தது, வேண்டியதைக் காலம் வரும் வரை நிறுத்தி வைத்திருந்தார் என்பது அதிலிருந்து உறுதியாயிற்று. இன்னொரு நினைவும் என்னிடம் இருந்தது. குடும்பமாக எங்கு கிளம்பினாலும் அப்பா மட்டும் வரமாட்டார். செலவைக் குறைக்கத்தான் என்று எழுதியிருந்தால் வாசிப்பவர்கள் நெகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பணத்துக்குக் குறைவில்லாத பிற்காலத்திலும் அவர் வந்ததில்லை. பயணம் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அந்த நினைவை நான் எழுதவில்லை.

எழுதி முடித்ததும் அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்துவிட்டு, "செலவு மட்டும் காரணம் இல்லப்பா. கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு ஆயிடுமேன்னு கொஞ்சம் கூச்சமாவும் இருந்துச்சு" என்றார். அதையும் அப்படியே சேர்த்துவிட்டேன். அந்த வரி வந்த பிறகு கட்டுரையில் இருப்பவர் நாற்பத்து சொச்சம் வயதில், நரைக்கத் தொடங்கிய தலையோடு, தனக்கு வயதாவதை ஒப்புக்கொள்ள மனம் வராத ஒரு மனிதராக எனக்குத் தெரிந்தார். பிள்ளைக்காக விட்டுக்கொடுத்ததும் தன் கூச்சத்துக்காகத் தள்ளிப்போட்டதும் ஒரே செயலில் கலந்திருந்தன. அப்படிக் கலந்திருப்பதால் என் நன்றி குறையவில்லை.

அடக்கம் என்பது உணர்ச்சியைக் குறைத்து எழுதுவதல்ல, எதை எப்போது சொல்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் பார்த்ததை, அன்றைக்குத் தெரிந்த அளவிலேயே எழுதிக்கொண்டு போங்கள். பிற்காலத்தில் புரிந்ததை அங்கே முன்கூட்டிக் கலக்காதீர்கள். 'வாசி, கேப்போம்' என்று அப்பா சொன்ன இடத்திலேயே 'பாவம், அவருக்குக் கண் தெரியவில்லை' என்று நான் எழுதியிருந்தால், பிறகு சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. புரிந்ததை ஓரிடத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே சென்றுவிட வேண்டும்.

இனி உங்கள் அப்பாவின் நடையைப் பார்ப்போம். சாதாரண நடையில் ஐந்து கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், போக வர இரண்டு மணி நேரம். பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுதையும் சேர்த்து அதில் பாதி நேரம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், நாள்தோறும் ஒரு மணி நேரத்தை அவர் கூடுதலாகத் தந்திருக்கிறார். பேருந்துக் காசைவிட அந்த ஒரு மணி நேரம்தான் எழுதத் தக்கது என்று எனக்குப் படுகிறது. அது எங்கிருந்து வந்தது? உறக்கத்திலிருந்தா, மாலையில் உங்களோடு உட்கார்ந்திருக்கக்கூடிய பொழுதிலிருந்தா? அவர் முன்னதாகக் கிளம்பியிருந்தால் அம்மாவும் முன்னதாக எழுந்திருப்பார், அது உங்கள் பதிவில் இடம்பெற வேண்டும். மழை நாளில் என்ன செய்தார், செருப்பு எத்தனை காலம் வந்தது, தைத்துப் போட்டாரா, வீட்டுக்கு வந்ததும் முதலில் எங்கே உட்கார்ந்தார் என்பவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள். நினைவில் இல்லாததை ஊகித்து நிரப்பாமல் அம்மாவிடமோ உடன் வேலை பார்த்தவர்களிடமோ கேளுங்கள்.

அந்தச் சோதனையையும் செய்து பாருங்கள். உங்கள் படிப்பு முடிந்த பிறகும் அவர் நடந்தே போனாரா? பேருந்துக்கு மாறியிருந்தால் நீங்கள் நினைப்பது சரி. தொடர்ந்து நடந்திருந்தால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அவர் சொன்னதில் ஓரளவு உண்மையும் இருந்திருக்கிறது, அப்போது அதையும் எழுதிவிடுங்கள். வறுமையில் தொடங்கிய நடை நாளடைவில் ஒருவருக்குப் பிடித்துப்போவதும் உண்டு.

வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். வீட்டின் பண நெருக்கடி அவருடைய சொந்த விஷயம், அதை எத்தனை பேருக்குச் சொல்லலாம் என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஒரு வரியை நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். அவர் படித்துச் சொல்ல ஓரிரு நாள் கூடுதலாக ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறிவிடுமே என்று பார்க்காதீர்கள், செவ்வாயன்று வெளியிட்டால் போதும்.

அன்புடன்.