பாதி விலை டைமண்ட்: மூன்று வாரம் கழித்து ஐடி ஏன் போகிறது?

கேள்வி: என் மகன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறான். கேமில் செலவழிக்கும் டைமண்டை, கேமுக்குள் 800 ரூபாய் காட்டியதை, ஒரு டாப்-அப் தளத்தில் 450 ரூபாய்க்கு வாங்கினான். யூபிஐயில் பணம் அனுப்பிய அரை மணி நேரத்தில் டைமண்ட் ஏறிவிட்டது. மூன்று வாரம் கழித்து ஐடி பேன் ஆகி முடங்கிவிட்டது. மோசடி என்றால் டைமண்டே வந்திருக்காதே? பணமாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: டைமண்ட் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கான விலையைக் கட்டியது உங்கள் மகனின் 450 ரூபாய் இல்லை. இப்படிப் பாதி விலைக்கு விற்பவர்கள் அந்தப் பணத்தை அப்படியே பையில் போட்டுக்கொண்டு, 800 ரூபாய் பொதியை யாரோ ஒருவரிடமிருந்து திருடிய கார்டில் வாங்கி, உங்கள் மகனின் ஐடிக்கு ஏற்றிவிடுவார்கள்.

கார்டுக்காரர் மாதக் கணக்கைப் பார்த்ததும் வங்கியில் புகார் செய்வார். வங்கி பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இதுதான் சார்ஜ்பேக். புகார் செய்யப் பல கார்டுகளில் 120 நாள் வரை அவகாசம் உண்டு. அதனால்தான் பேன் அன்றே வராமல் வாரக்கணக்கில் தாமதமாகிறது. கூகுள் ப்ளே வழியாக வாங்கியிருந்தால், ரத்தான ஆர்டர்களின் பட்டியலை கூகுள் கேம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அந்த ஆர்டரின் டைமண்ட் எந்த ஐடிக்குப் போனது என்பது அவர்கள் பதிவில் இருக்கும். பணம் வராத சரக்கை வைத்திருப்பவர் என்ற கணக்கில் உங்கள் மகன் சிக்கிக்கொள்கிறான். டைமண்டை ஏற்றிவிட்டு விற்பவரே கூகுளிடம் ரீஃபண்ட் கேட்டுவிடுவதும் உண்டு. அப்போதும் முடிவு இதேதான், ஆனால் சீக்கிரம் வரும்.

கேமின் உதவிப் பக்கத்தில் முறையிடலாம். ஆனால் வாங்கியதற்கான ரசீதைக் கேட்பார்கள். கூகுள் ப்ளே ரசீதில் GPA. என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அது விற்றவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கும், உங்களிடம் இருப்பது வெறும் யூபிஐ ஸ்கிரீன்ஷாட். ஐடி திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் மகனிடம் கேளுங்கள்: கேமில் உள்ள யூஐடி எண்ணை மட்டும் கொடுத்தானா, கூகுள் அல்லது ஃபேஸ்புக் பாஸ்வேர்டையும் கொடுத்தானா? முறையான டாப்-அப்புக்கு யூஐடி போதும். பாஸ்வேர்ட் போயிருந்தால் இன்றே மாற்றுங்கள், பாதுகாப்பு அமைப்பில் தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள், பழைய பேக்அப் கோடுகளை ரத்து செய்யுங்கள்.

450 ரூபாயைப் பொறுத்தவரை, பின் போட்டு அனுப்பியது நீங்களே என்பதால் வங்கி தானாகத் திருப்பித் தராது. யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க யூடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு 1930க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். பெற்றவர் கணக்கில் பணம் மிச்சமிருந்தால்தான் முடக்க முடியும். மூன்று வாரம் கழித்து அது அநேகமாக இருக்காது. புகார் செய்ததும் "ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்து, பணம் பெற யூபிஐ பின் போடச் சொன்னால் போடாதீர்கள். பணம் வாங்க எந்தச் செயலியும் பின் கேட்காது.