பத்து அசைவு, இரண்டு மணி நேரம்: கர்ப்பிணிகளிடம் எதைச் சொல்வது?

கேள்வி: நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். கர்ப்பிணிகளுக்குக் குழந்தையின் அசைவை எண்ணுவது பற்றியும் ஆபத்து அறிகுறிகள் பற்றியும் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். ஒரு புத்தகத்தில் 12 மணி நேரத்தில் 10 அசைவு என்றும், இன்னொன்றில் 2 மணி நேரத்தில் 10 என்றும், வேறொன்றில் சாப்பிட்டபின் ஒரு மணி நேரத்தில் 3 என்றும் இருக்கிறது. எதைச் சொன்னால் அம்மாக்கள் குழம்பமாட்டார்கள்?

பதில்: இரண்டு மணி நேரக் கணக்கைச் சொல்லுங்கள். மற்ற இரண்டையும் வகுப்பில் எடுக்கவே எடுக்காதீர்கள். 12 மணி நேரக் கணக்கு 1970களில் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவானது. காலை 9 மணிக்கு எண்ண ஆரம்பித்து, இரவு 9 மணிக்குள் பத்து வந்ததா என்று பார்ப்பார்கள். குறை என்னவென்றால், அது ஒரு பகல் முழுக்கக் காத்திருக்க அனுமதி கொடுத்துவிடுகிறது. வார்டு சுவரில் ஒரு கணக்கு, கையில் கொடுக்கும் அட்டையில் ஒரு கணக்கு, டாக்டர் வாயில் ஒரு கணக்கு என்று இருந்தால் யாருக்குத்தான் புரியும்? வகுப்புக்கு முன்பே பொறுப்பு சிஸ்டரிடம் பேசி, உங்கள் இடத்தில் ஒரே கணக்குதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் எண்ணிலிருந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். இப்படி ஆரம்பியுங்கள்: "28 வாரம் ஆகும்போது உங்கள் குழந்தைக்கு என்று ஒரு பழக்கம் வந்திருக்கும். சில குழந்தை நீங்கள் படுத்ததும் உருளும், சில குழந்தை மாலையில் உதைக்கும். அந்தப் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அது மாறினால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்." உதை, உருளல், திரும்பல், படபடப்பு எல்லாமே அசைவுதான். விக்கல் மட்டும் கணக்கில் சேராது.

அப்புறம் எண்ணும் முறை. "அசைவு குறைந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். டிவி, போன் வேண்டாம், கவனம் வயிற்றில் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்தால் எண்ணுவதை நிறுத்தலாம். வராவிட்டால் உடனே கிளம்புங்கள். அசைவு நன்றாகவே குறைந்துவிட்டது, அல்லது நின்றேவிட்டது என்று தோன்றினால் எண்ணிக்கொண்டு படுக்க வேண்டாம், நேராக வாருங்கள்." ஏன் இரண்டு மணி நேரம் என்று கேட்பார்கள். வயிற்றுக்குள் குழந்தை ஒரு தடவை தூங்கினால் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். அதனால் இரண்டு மணி நேரத்தில் விழித்த நேரமும் வந்துவிடும். பல குழந்தைகளுக்கு அரை மணியிலேயே பத்து முடிந்துவிடும்.

ஒரு கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். 34 வாரக் கர்ப்பிணி. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தை நன்றாக உருளும். இன்று இல்லை. 8.10க்குப் படுக்கிறார். 8.40க்குள் மூன்று அசைவு. 9.10 வரை புதிதாக ஒன்றும் இல்லை. 9.35க்குள் இன்னும் இரண்டு. 10.10க்கு மொத்தம் ஆறு. நேரம் முடிந்தது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். "ஆறு வந்துவிட்டதே, காலையில் பார்க்கலாம்" என்று ஒருவராவது சொல்வார். அந்த இடத்தில் நின்று பேசுங்கள். நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் குறையும்போது குழந்தை முதலில் அசைவைக் குறைத்துத் தன் பலத்தைச் சேமிக்கிறது. இதயத் துடிப்பு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் பிடிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். காலை வரை அது இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் பி.பி. பார்ப்பார்கள், குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதப் பட்டையில் பதிவு செய்வார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி குறைந்தால் மறுபடி வர வேண்டும். "போன தடவையே ஒன்றும் இல்லை என்றார்கள்" என்று வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

கட்டாயம் ஒருவர் எழுந்து, "எனக்கு நஞ்சுக்கொடி முன்பக்கம் இருக்கிறது, அதனால் அசைவு தெரியாது என்றார்கள்" என்பார். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் இருந்தால் குழந்தைக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே அது ஒரு மெத்தைபோலக் கிடக்கும். ஆரம்பத்தில் உதை மங்கலாகத் தெரியும், முதல் அசைவும் தாமதமாகத் தெரியலாம். அது உண்மை. 28 வாரத்துக்குப் பிறகு அந்தக் காரணம் செல்லாது. குழந்தை பெரிதாகிவிட்டது, அவருக்கும் ஒரு பழக்கம் பிடிபட்டிருக்கும். நேற்று வரை முன்பக்க நஞ்சுக்கொடியை வைத்துக்கொண்டே தெரிந்த அசைவு இன்று தெரியவில்லை என்றால், நஞ்சுக்கொடி இடம் மாறிவிடவில்லை, மாறியிருப்பது குழந்தை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்து ஆறுதல் அடைந்து படுத்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்தது, எனக்குக் கோபம் வரவழைக்கும் சரக்கு: வீட்டிலேயே இதயத் துடிப்பைக் கேட்கலாம் என்று விற்கும் டாப்ளர் கருவி. அது தாயின் ரத்தக்குழாய்த் துடிப்பையே குழந்தையுடையது என்று காட்டிவிடும். பயந்துபோன அம்மாவின் நாடி நிமிடத்துக்கு 120 ஓடும். குழந்தையின் இயல்பான துடிப்பு 110 முதல் 160. இரண்டையும் காதால் பிரிக்கப் பழகாதவர்களால் முடியாது. சரி, குழந்தையின் துடிப்பையே கேட்டுவிட்டார் என்று வையுங்கள். அசைவு குறைந்த குழந்தைக்கும் துடிப்பு இருக்கும் என்று மேலே சொன்னேனே. வாடகைக்குக் கொடுப்பவர், தவணையில் விற்பவர் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். "ஜூஸ் குடியுங்கள், உதைக்கும்" என்ற அறிவுரையும் இதே ரகம். குடித்து, காத்திருந்து, மறுபடி குடித்து இரவு போய்விடும். மாதம் நெருங்கினால் அசைவு குறையும் என்பதும் தவறு. 32 வாரம் வரை கூடும், பிறகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். இடம் குறைவதால் உதை உருளலாக மாறலாம், ஆனால் பிரசவ வலி வந்தபிறகும் அசைவு இருக்க வேண்டும்.

ஆபத்து அறிகுறிகளுக்கு வருவோம். சுவரொட்டியில் இருக்கிற நீளப் பட்டியலை ஒப்பிக்காதீர்கள். எழுதியவர்களுக்கே நினைவிருக்காது. மூன்றை மட்டும் மனதில் பதிய வையுங்கள். ஒன்று, ரத்தம். எவ்வளவு குறைவானாலும், வலி இல்லாவிட்டாலும் வர வேண்டும். வலியே இல்லாமல் வரும் ரத்தம் நஞ்சுக்கொடி கீழே இருப்பதைக் காட்டலாம். இரண்டு, தண்ணீர் போவது. சிறுநீரா பனிக்குட நீரா என்று சந்தேகம் வந்தால் சுத்தமான பேட் வைத்துக்கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் வேகம். மூன்று, விடாத தலைவலியோடு கண் மங்கல் அல்லது பூச்சி பறப்பது, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது. இது பி.பி. ஏறியிருப்பதன் அடையாளம். அடுத்த கட்டம் வலிப்பு. தலைவலி மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்து பார்க்கிற விஷயம் இல்லை இது.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்து, அந்த அம்மா இரவு 11 மணிக்குப் போன் செய்தால் "காலையில் ஓபிக்கு வாங்க" என்று எடுப்பவர் சொன்னால் நம் வகுப்பு எதற்கு? அதனால் அவர்கள் பேச வேண்டிய வாக்கியத்தையும் எழுதிக் கொடுங்கள்: "எனக்கு 34 வாரம். இரண்டு மணி நேரத்தில் ஆறு அசைவுதான். கிளம்பி வந்துகொண்டிருக்கிறேன்." அனுமதி கேட்கும் தொனி அதில் இருக்கக் கூடாது. வகுப்பு முடிவதற்குள் பிரசவ அறையின் நேரடி எண்ணை ஒவ்வொருவரின் அட்டையிலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். முந்தின நாள் நீங்களே ஒரு தடவை அழைத்து, இரவில் யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.