ஒரு பார் மட்டும் கட்டம் முழுக்க, மற்றதெல்லாம் கோடு: எக்செல்லில் எங்கே தப்பு என்று பார்ப்பது எப்படி?

"காசிமேட்டுல மீன் மொத்த வியாபாரம். தினமும் 40 வரி எக்செல்ல ஏத்துறோம்: மீன், கிலோ, விலை, தொகை. தப்பா அடிச்சது தெரியட்டும்னு விலைக்கு டேட்டா பார் போட்டா, ஒன்னு மட்டும் கட்டம் முழுக்க நிக்குது, மத்ததெல்லாம் தெரியவே இல்ல. கலர் ஸ்கேல் போட்டா தினமும் ஏதாவது சிவப்பாவே இருக்கு. எப்படிப் பார்க்கணும்?"

அந்த ஒற்றை நீளப் பாரை முதலில் பாருங்கள். தேடுகிற தப்பு பெரும்பாலும் அதுதான். வஞ்சிரம் 900 என்பதற்கு 9000 என்று ஒரு சைபர் கூடியிருக்கலாம். டேட்டா பார் பெரிய எண்ணுக்கு முழு அகலத்தையும் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அந்த விகிதத்தில் பிரிக்கிறது. சாதாரணக் கட்டம் 64 பிக்சல் அகலம். 9000 அதை முழுவதும் எடுத்துக்கொண்டால், சரியான 900 வஞ்சிரத்துக்கு 6 பிக்சல்தான் மிஞ்சும். 200 ரூபாய் நெத்திலிக்கு ஒரு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். அதைத் திருத்தியதும் எல்லாப் பாரும் தானாக நீளும்.

அங்கே 9000 இல்லையென்றால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். கடைசி மொத்த வரியும் தேர்வில் சேர்ந்திருக்கலாம். தலைப்பையும் மொத்தத்தையும் விட்டு C2:C41 மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் யாரோ 10.5-க்கு 10-5 என்று அடித்து அது தேதியாக மாறியிருக்கும். கிலோவில் இது அடிக்கடி நடக்கும். எக்செல் தேதியை 1900-இலிருந்து எண்ணிய நாள் கணக்காக வைத்திருப்பதால், உள்ளே அது 45,000-க்கும் மேற்பட்ட எண். கட்டத்தில் 10-May என்று நிற்கும், பார் முழு நீளத்தில் இருக்கும்.

பார் போட Home, Conditional Formatting, Data Bars, அதில் Solid Fill. Gradient-இல் நுனி மங்கிப்போவதால் நீளத்தை ஒப்பிடுவது கடினம். நெடுவரிசையை இரண்டு மடங்கு அகலமாக்கிக்கொள்ளுங்கள்.

பாரே இல்லாத கட்டத்தையும் விடாதீர்கள். 850/- என்றோ 12கிலோ என்றோ அடித்தால் எக்செல்லுக்கு அது எழுத்து, எண் இல்லை. இடதுபக்கம் ஒட்டி நிற்கும், பார் வராது, SUM அதைக் கூட்டாமல் தாண்டிவிடும். அன்றைய மொத்தம் குறைந்திருந்தால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

இனி பார் காட்டாத தப்பு. நெத்திலி 250-ஐ 520 என்று மாற்றி அடித்தால், பக்கத்தில் 900 வஞ்சிரம் இருக்கும்போது அந்தப் பார் நடுத்தர நீளத்தில் சாதுவாக நிற்கும். வேறு வேறு மீன் ஒரே நெடுவரிசையில் இருப்பதால், நீளம் விலையின் சரிதவறைக் காட்டாமல் மீன் வகையைத்தான் காட்டுகிறது. ஒவ்வொரு விலையையும் அதே மீனின் அன்றைய சராசரியோடு ஒப்பிட வேண்டும். A-யில் மீன், C-யில் விலை என்றால் E2-வில் இதைப் போட்டு 41 வரை இழுங்கள்:

```
=C2/AVERAGEIF($A$2:$A$41,A2,$C$2:$C$41)
```

எட்டு வரி நெத்திலியில் ஏழு 250, ஒன்று 520 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 283.75. தப்பான வரிக்கு 1.83 வரும், மற்றவற்றுக்கு 0.88. #VALUE! வந்தால் அந்த விலை எழுத்தாக இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கலர் ஸ்கேலை இந்த E-க்குப் போடுங்கள். தினமும் ஏதாவது சிவப்பாவதற்குக் காரணம், வழக்கமான அமைப்பில் நிறம் அன்றைய குறைந்த எண்ணுக்கும் அதிக எண்ணுக்கும் நடுவே நீட்டப்படுவதுதான். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு ஓரங்களிலும் அழுத்தமான நிறம் விழுந்தே தீரும். அதனால் Color Scales, More Rules போய் 3-Color Scale எடுத்து, மூன்று இடத்திலும் Type-ஐ Number ஆக்குங்கள்: Minimum 0.7, Midpoint 1, Maximum 1.3. நடுவுக்கு வெள்ளை, கீழே நீலம், மேலே ஆரஞ்சு. நல்ல நாளில் நெடுவரிசை ஏறக்குறைய வெளுப்பாகவே இருக்கும். 1.83 அழுத்தமான ஆரஞ்சில் தனியாகத் தெரியும். காலை ஏலத்துக்கும் மதியத்துக்கும் விலை அதிகம் மாறும் மீன்களுக்கு 0.6, 1.4 என்று எல்லையைத் தளர்த்திக்கொள்ளலாம்.

டேட்டா பாருக்கும் இப்படி Maximum-ஐ நிலையாக வைக்கலாம், ஆனால் முதல் பார்வைக்கு வேண்டாம். 1200 என்று வைத்தால் 1200-உம் 9000-உம் ஒரே முழு நீளத்தில் நிற்கும்.

E-யில் சரியாக 1 என்று வருகிற வரிகளைத் தனியாகப் பாருங்கள். அன்று அந்த மீன் ஒரே ஒரு வரி வந்திருந்தால் என்ன விலை அடித்தாலும் 1 தான் வரும். சங்கரா, சங்ரா என்று பெயர் இரண்டு விதமாக இருந்தாலும் அப்படித்தான், எக்செல்லுக்கு அவை இரண்டு மீன். A நெடுவரிசைக்கு Data Validation-இல் List வைத்துவிட்டால் பெயர்க் குழப்பம் தீரும். ஒற்றை வரி மீனுக்கு ஏலச் சீட்டைக் கையில் வைத்துச் சரிபார்க்க வேண்டியதுதான்.