விசாவுக்கு மாநாட்டு அழைப்புக் கடிதம் கேட்பது எப்படி?

"ஜெர்மனியில் நடக்கும் மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றுவிட்டார்கள். நான் திருகோணமலையில் இருக்கிறேன். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும். என்ன எழுதிக் கேட்பது?"

முதலில் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். பல மாநாடுகளில் அதற்குப் பிறகுதான் கடிதம் தருவார்கள். அப்புறம் மின்னஞ்சலில் கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, கட்டுரைத் தலைப்பு, பதிவு எண், நீங்கள் தங்கும் நாட்கள் எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

சிக்கல் வருவது பெயரில்தான். கட்டுரையில் 'க. சிவரூபன்' என்று போட்டிருப்போம். கடவுச்சீட்டிலோ அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். எனக்கு வந்த முதல் கடிதத்தில் முதலெழுத்து மட்டுமே இருந்தது. திருத்தி வாங்க ஒன்பது நாள் போயிற்று. கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

செலவு யாருடையது என்பதும் கடிதத்தில் வரவேண்டும். கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்தார்கள் என்றால் அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். விமானச் சீட்டும் தங்குமிடமும் உங்கள் செலவு என்றால், வங்கிக் கூற்றும் அதையே காட்டவேண்டும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு இரவு ரயில் ஏறுவதற்கு முன், கையொப்பமும் மாநாட்டுத் தேதியும் சரியா என்று பார்த்துவிடுங்கள்.