ஆஸ்பத்திரி பில்லுக்கென்று தனிப் பணம் வேண்டுமா, முதலீட்டை விற்றுச் சமாளிக்கலாமா?

"சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் பெயரில் ஏஎஸ்எம் 30,000 வெள்ளியும் யூனிட் டிரஸ்ட் 25,000 வெள்ளியும் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரி பில் வந்தால் அதை விற்றுக் கட்டிவிடலாம்தானே? அதற்கென்று தனியாகப் பணத்தைப் பேங்கில் தூங்கவிடுவது நஷ்டம் இல்லையா?"

விற்கலாம். ஆனால் படுத்துக் கிடப்பது நீங்களாக இருந்தால் யார் விற்பது? இரண்டுமே உங்கள் பெயரில் இருக்கின்றன. நீங்கள் ஐசியூவில் இருக்கும்போது உங்கள் மனைவி உங்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனாலும் ஏஎஸ்எம் கௌண்டரில் ஒரு காசு கொடுக்க மாட்டார்கள். இபிஎஃப் ஃபிளெக்சிபல் கணக்கும் அப்படித்தான். உங்கள் கைப்பேசியும் கடவுச்சொல்லும் வேண்டும், பணம் வந்து சேரச் சில நாள் ஆகும்.

இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். சித்தப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். 2020 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நெஞ்சுவலி வந்து, ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அவசர சிகிச்சையை டெபாசிட் கேட்டு நிறுத்தக் கூடாது என்று 1998 தனியார் மருத்துவமனைச் சட்டம் சொல்கிறது. அதன்படி முதலில் பார்த்தார்கள், அதில் குறையே இல்லை. ஆபத்து கடந்த பிறகு, அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்க 8,000 வெள்ளி டெபாசிட் கேட்டார்கள். அவரிடம் மெடிக்கல் கார்டு கிடையாது. யூனிட் டிரஸ்ட் இருந்தது, ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். சனிக்கிழமை காலை அடகுக் கடை திறந்ததும் சித்தி தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையையும் கொண்டுபோய் வைத்தார்.

மொத்த பில் 31,100 வெள்ளி. டெபாசிட் போக மீதி 23,100. அடுத்த வாரம் ஏஜென்ட் பாரத்தைக் கொண்டுவர, சித்தப்பா படுக்கையிலேயே கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் என்று நினைவிருக்கும். நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய வாரம் அது. 2019 கடைசியில் 1,588 புள்ளியில் இருந்த கேஎல்சிஐ பங்குச் சந்தைக் குறியீடு, மார்ச் 19 அன்று 1,219இல் முடிந்தது. அவருடைய ஃபண்டும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தது. வருடக் கடைசியில் ஒரு வெள்ளி பெறுமானமாக இருந்த யூனிட் 77 காசுக்கு வந்துவிட்டது. 23,100 வெள்ளி வேண்டுமென்றால் 30,000 யூனிட்டை விற்க வேண்டும், விற்றார். 2020 முடியும்போது குறியீடு 1,627க்கு ஏறிவிட்டது. அந்த யூனிட்டுகளை வைத்திருந்தால் ஏறக்குறைய 30,700 வெள்ளி இருந்திருக்கும். 7,600 வெள்ளி போனது போனதுதான். அதுவும் விற்ற பணம் கைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனதால், டிஸ்சார்ஜ் அன்று பில்லைக் கட்ட மாமா வீட்டில் கடன் வாங்கினோம்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஏஎஸ்எம்மில் சித்தப்பாவுக்கு நடந்தது நடக்காது, யூனிட் விலை எப்போதும் ஒரு வெள்ளிதான். வேலை நாளில் நீங்களே கௌண்டருக்குப் போக முடிந்தால் பணம் எடுப்பது சுலபம். அந்த மாதத்துக்கான ஈவு மட்டும் குறையும், ஏனென்றால் மாதத்தின் மிகக் குறைந்த இருப்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். திரும்பப் போடப் போனால் யூனிட் கிடைக்காது. பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கான பங்கு பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். யாராவது எடுத்தால்தான் உள்ளே இடம், நூறு இருநூறாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இத்தனை வருடம் சேர்த்து வைத்த அந்த இடத்தை ஒரு பில்லுக்காக விடுவது எனக்கு மனசு வராது.

தனிப் பணம் வைப்பதில் நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், எஃப்டி வட்டிக்கும் ஏஎஸ்எம் ஈவுக்கும் இரண்டு விழுக்காடு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 வெள்ளிக்கு வருடம் 240 வெள்ளி. பத்து வருடம் பில்லே வராமல் இருந்தாலும், சித்தப்பா அந்த ஒரு வாரத்தில் இழந்ததில் பாதிகூட வராது.

12,000 என்று நான் சொல்வது முழு பில்லுக்கும் இல்லை. சுங்கை சிப்புட்டில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனூன் இருக்கிறது. குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டில் கட்டணம் 500 வெள்ளியைத் தாண்டாது. சில உள்வைப்புச் சாதனங்களை மட்டும் நாமே வாங்க வேண்டி வரும். ஆகவே உயிரைக் காப்பாற்ற லட்சக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டும் என்ற பயம் வேண்டாம். காத்திருக்க முடியாமல் தனியாருக்குப் போகும்போது கேட்கும் டெபாசிட், மெடிக்கல் கார்டு இருந்தால் அதில் நாம் கட்ட வேண்டிய பங்கு, இன்சூரன்ஸ் கம்பெனி உத்தரவாதக் கடிதம் தராமல் "முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு கிளைம் செய்யுங்கள்" என்று சொல்லும் நாட்கள், இவற்றைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அதுதான் அளவு. புதுக் கார்டு என்றால் இன்னும் கவனமாக இருங்கள். சாதாரண நோய்களுக்கு 30 நாளும், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் போன்றவற்றுக்கு 120 நாளும் காத்திருப்புக் காலம் உண்டு. அந்த இடைவெளியில் உங்கள் கைப்பணம்தான் எல்லாம்.

எப்படி வைப்பது? 2,000 வெள்ளியை உங்கள் மனைவி பெயரில் ஏடிஎம் அட்டையோடு சேமிப்புக் கணக்கில் வையுங்கள், ராத்திரி நேரத்துக்கு அதுதான் உதவும். மீதி 10,000ஐ இருவர் பெயரிலும் எஃப்டியாகப் போடுங்கள். போடும்போது "இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் போதும்" என்று எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் சில பேங்கில் இரண்டு பேரும் வர வேண்டியிருக்கும், அப்புறம் பழைய கதைதான். ஒரே எஃப்டியாகப் போடாமல் 2,000 வெள்ளி வீதம் ஐந்தாகப் போடுங்கள். தவணைக்கு முன் உடைத்தால் உடைத்ததற்கு வட்டி கிடைக்காது, உடைக்காத மற்றவை பாதிக்கப்படாது.

அதையும் தாண்டி பில் வந்தால், நோய் இபிஎஃப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செஜாத்ரா கணக்கிலிருந்து மருத்துவத்துக்கு எடுக்க விண்ணப்பிக்கலாம், மனைவி, பிள்ளை, பெற்றோர் சிகிச்சைக்கும் எடுக்கலாம். டாக்டரின் அறிக்கை கேட்பார்கள், நேரம் எடுக்கும். அதற்குப் பிறகும் போதாமல் விற்கத்தான் வேண்டும் என்றால், யூனிட் டிரஸ்ட் வாங்கிய விலைக்கு மேல் இருந்தால் அதை முதலில் விற்பேன், மறுபடி எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், விற்பனைக் கட்டணம் மட்டும் போகும். சந்தை விழுந்து கிடந்தால் யூனிட் டிரஸ்ட்டைத் தொடாமல் ஏஎஸ்எம்மிலிருந்து தேவையானதை மட்டும் எடுப்பேன். ஆலோங்கிடம் மட்டும் போகவே போகாதீர்கள். நகை அடகு அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

உங்கள் மனைவி பெயரில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கும் விதத்திலிருந்து தெரிகிறது. அந்த 12,000ஐச் சேர்க்க நேரம் ஆகும் என்றால், முதல் 2,000ஐ அவர் பெயரில் இந்த மாதமே தொடங்குங்கள்.