சாய்வு 0 ஆனாலும், கீழே 0 வந்தாலும் தொடுகோடும் செங்கோடும் எழுதுவது எப்படி?

கேள்வி: "dy/dx = 0 வந்தா செங்கோட்டுச் சாய்வு −1/0 ஆகுது. அப்போ செங்கோடு இல்லைன்னு எழுதலாமா? dy/dx-ல கீழே 0 வந்தா தொடுகோடும் இல்லையா?"

இரண்டுமே இருக்கின்றன. இல்லாமல் போவது சாய்வு என்கிற எண் மட்டும்தான்.

மன்னார்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அவர்களிடம் பாமணியாற்று வளைவைத்தான் காட்டுவேன். கரை போகும் திசை தொடுகோடு. அகலம் அளக்க அதற்குக் குறுக்கே இழுக்கும் கயிறு செங்கோடு. கரை தென்வடலாகத் திரும்புகிற இடத்தில் கயிறு கிழமேலாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

தாளில் இதைக் கொண்டுவர, dy/dx-ஐ வகுத்து ஒரே எண்ணாக்காமல் p/q என்று பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி (a, b) என்றால்:

தொடுகோடு: q(y − b) = p(x − a)
செங்கோடு: p(y − b) = −q(x − a)

எங்கேயும் வகுத்தல் இல்லை என்பதால் 0 வந்தாலும் சிக்கல் வராது.

x² − xy + y² = 3 என்ற சாய்ந்த நீள்வட்டத்தை எடுத்துக்கொள்வோம். x-ஐப் பொறுத்து வகையிட்டால் 2x − y − x·dy/dx + 2y·dy/dx = 0. ஆக, dy/dx = (y − 2x)/(2y − x). மேலே இருப்பது p, கீழே இருப்பது q.

முதலில் சாதாரணப் புள்ளி, (1, −1). p = −3, q = −3, சாய்வு 1. தொடுகோடு y = x − 2, செங்கோடு y = −x.

அடுத்து (1, 2). p = 0, q = 3. தொடுகோடு 3(y − 2) = 0, அதாவது y = 2 என்ற கிடைமட்டக் கோடு. செங்கோடு 0 = −3(x − 1), அதாவது x = 1. இங்கேதான் பலர் −1/0-ஐ 0 என்று எடுத்துக்கொண்டு செங்கோடும் y = 2 என்று எழுதிவிடுகிறார்கள். தொடுகோடும் செங்கோடும் ஒரே கோடாக வந்தால் நிச்சயம் தப்பு. உடனே திரும்பிப் பாருங்கள்.

(2, 1)-இல் p = −3, q = 0. தொடுகோடு x = 2, செங்கோடு y = 1. இந்த மாதிரிப் புள்ளிகளை நீங்களே தேட வேண்டுமானால், கிடைமட்டத்துக்கு y = 2x என்றும் செங்குத்துக்கு x = 2y என்றும் வளைவரையின் சமன்பாட்டிலேயே போடுங்கள். முதலாவதில் 3x² = 3 வரும். (1, 2), (−1, −2) என்று இரண்டு புள்ளிகள். இரண்டாவதில் அதேபோல (2, 1), (−2, −1).

சரி, p, q இரண்டும் ஒரே புள்ளியில் 0 ஆனால்? அப்போது மேலே சொன்ன வழி உதவாது, 0 = 0 என்றுதான் வரும். y² = x²(x + 1) என்ற வளைவரைக்கு ஆதிப்புள்ளியில் இதுதான் நடக்கிறது. வளைவரை அங்கே தன்னையே வெட்டிக்கொள்கிறது. y = x√(x + 1), y = −x√(x + 1) என்று இரு கிளைகளாகப் பிரித்துத் தனித்தனியாக வகையிட்டால் சாய்வுகள் 1, −1 கிடைக்கும். அந்த ஒரே புள்ளியில் y = x, y = −x என்று இரண்டு தொடுகோடுகள். ஒரு கிளையின் தொடுகோடே மற்றதன் செங்கோடாகவும் அமைகிறது. ஆகவே அந்தப் புள்ளியில் எந்தக் கிளைக்கு என்று சொல்லித்தான் விடை எழுத வேண்டும்.